பிப்ரவரியில் 38, மார்ச்சில் 7

பெரியம்மா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு ரிப்போர்ட்டுகளோடு வீட்டுக்கு வந்தாள். அக்காவுக்கு 48 வயது. அரசுப் பள்ளியில் ஆசிரியை. சாப்பாடு கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

பிப்ரவரி 17 தேதியிட்ட முதல் தாளில் எஃப்.எஸ்.எச். 38.6, எஸ்ட்ராடையால் 18. அதற்கு முன் 67 நாளாக அவளுக்கு மாதவிடாய் வரவில்லை. "நின்னுடுச்சும்மா, இனிமே வராது" என்று பரிசோதனைக்கு அனுப்பிய இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா கொஞ்சம் அழுதிருக்கிறாள். பிறகு பீரோவில் இருந்த நாப்கின் பாக்கெட்டுகளை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டாள். நாலு வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 14 அன்று வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. பயந்துபோய் மூன்றாம் நாள் மறுபடி ரத்தம் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது தாளில் எஃப்.எஸ்.எச். 7.2, எஸ்ட்ராடையால் 214.

"ஒரு மாசத்துல முப்பத்தெட்டு எப்படிடி ஏழாகும்? எந்த லேப் தப்பு?"

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உயிர்வேதியியல் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஆனால் சொந்த அக்கா கண் கலங்கிக் கேட்கும்போது பதில் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது.

"ரெண்டு லேபுமே சரிதான் அக்கா. மாறினது உன் உடம்பு."

அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பதை முதலில் பார்க்கலாம். எஃப்.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். அது போய்ச் சேரும் இடம் சினைப்பை. அங்கே ஒவ்வொரு கருமுட்டையும் தன்னைச் சுற்றி ஓர் உறையோடு தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்த உறைக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். வளர வளர உள்ளே நீர் கோத்துக்கொண்டு குமிழ் போல ஆகும் என்பதால் நான் குமிழ் என்றே சொல்கிறேன். எஃப்.எஸ்.எச். செய்வது கதவைத் தட்டும் வேலை. தட்டினால் சில குமிழ்கள் எழுந்து வளரத் தொடங்கும். வளரும் குமிழின் உட்சுவர் செல்கள் எஸ்ட்ராடையாலைச் சுரக்கும். பெண் உடம்பில் ஓடும் ஈஸ்ட்ரோஜன்களில் வலுவானது இதுதான். எஃப்.எஸ்.எச்.சை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லி யூனிட் என்று அளக்கிறோம். எஸ்ட்ராடையாலுக்குப் பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது.

மாதவிடாய் ஒழுங்காக வரும் இளம்பெண்ணுக்கு, இரண்டாம் மூன்றாம் நாளில் எடுத்தால், எஃப்.எஸ்.எச். 3-லிருந்து 10-க்குள் இருக்கும். எஸ்ட்ராடையால் 20-லிருந்து 80-க்குள் நிற்கும், மாதத்தின் நடுவில் ஒரு குமிழ் முற்றும்போது 200, 300 என்று ஏறும். மாதவிடாய் முற்றிலும் நின்று சில வருடம் ஆன பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். 30-ஐத் தாண்டி 100 வரைகூடப் போகும், எஸ்ட்ராடையால் 20-க்குக் கீழே இறங்கிவிடும். அக்காவின் பிப்ரவரித் தாளைப் பார்த்தால் அறுபது வயதுப் பெண்ணின் ரத்தம். மார்ச் தாளைப் பார்த்தால் முப்பது வயதுப் பெண்ணுக்கு மாத நடுவில் இருப்பது. இரண்டும் ஒரே கையிலிருந்து எடுத்தது.

இதைப் புரிந்துகொள்ள, தட்டும் சத்தத்துக்கு உள்ளிருந்து வரும் பதில்களைக் கேட்க வேண்டும். பதில் இரண்டு விதமாக வருகிறது. எழுந்துகொண்டிருக்கும் சின்னச் சின்னக் குமிழ்கள் எல்லாம் சேர்ந்து இன்ஹிபின்-பி என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. "இத்தனை பேர் இருக்கிறோம்" என்ற தலை எண்ணிக்கை அது. அவற்றில் ஒன்று மட்டும் பெரிதாக வளர்ந்து எஸ்ட்ராடையாலைக் கொட்டும்போது "வேலை நடக்கிறது" என்ற பதில் போகிறது. இரண்டு பதிலும் பிட்யூட்டரியின் கையைப் பிடித்து நிறுத்துகின்றன. பதில் பலமாக வந்தால் தட்டல் மெதுவாகும், பதில் குறைந்தால் பலமாகும்.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போது அவள் சினைப்பைகளில் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் குமிழ்கள் இருக்கும். பூப்படையும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதும் முட்டையாக வெளியேறுவது நானூறு, ஐந்நூறுதான். மீதி எல்லாம் நாளும் தானாகக் கரைந்துபோகும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஏறக்குறைய ஆயிரம்தான் மிஞ்சியிருக்கும். இப்படி ஆள் குறையும்போது முதலில் மெலிவது தலை எண்ணிக்கைக் குரல்தான். இன்ஹிபின்-பி நாற்பதுகளிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. பிட்யூட்டரிக்குப் பதில் சரியாகக் கேட்பதில்லை, அது பலமாகத் தட்டுகிறது. பலமாகத் தட்டினால் மிச்சமிருக்கும் குமிழ்களில் ஒன்றோ இரண்டோ வழக்கத்தைவிட வேகமாக எழுந்து, வழக்கத்தைவிட அதிகமாகவே எஸ்ட்ராடையாலைச் சுரக்கும்.

இந்த இடத்தில்தான் நம்மில் பெரும்பாலோர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஈஸ்ட்ரோஜன் மெல்ல மெல்ல வற்றும், விளக்கில் எண்ணெய் குறைவது போல, என்று பத்திரிகைகளில்கூட எழுதுகிறார்கள். நடப்பது அதுவல்ல. 1990-களில் அமெரிக்காவில் நானெட் சான்டோரோ என்ற மருத்துவ ஆய்வாளரும் அவர் குழுவினரும், மாதவிடாய் தாறுமாறாகத் தொடங்கியிருந்த பெண்களின் சிறுநீரை நாள் தவறாமல் சேகரித்து அளந்தார்கள். 1996-ல் வெளியான அந்த ஆய்வில், அந்தப் பெண்களின் ஈஸ்ட்ரோஜன் இளம்பெண்களைவிடக் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. குறைந்திருந்தது புரொஜெஸ்டிரோன். பிறகு அதே நாட்டில் பல ஆயிரம் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வரும் 'ஸ்வான்' ஆய்வு, இந்தக் காலவரிசையை இன்னும் தெளிவாகக் காட்டியது. கடைசி மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஆறு வருடம் முன்பே எஃப்.எஸ்.எச். ஏறத் தொடங்கிவிடுகிறது. எஸ்ட்ராடையால் சராசரியாக இறங்கத் தொடங்குவதோ கடைசி இரண்டு வருடத்தில்தான். இடையில் இருக்கும் காலம் ஏற்ற இறக்கக் காலம். ஒரு வாரம் வெள்ளம், அடுத்த வாரம் வறட்சி.

அக்காவின் கணக்கை இப்போது நாள் நாளாக வைத்துப் பார்க்கலாம். டிசம்பர் 12 அன்று அவளுக்கு மாதவிடாய். அதன் பிறகு எந்தக் குமிழும் எழவில்லை. ஜனவரி முழுக்கப் பிட்யூட்டரி தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மாதம்தான் அவளுக்கு ராத்திரி மூன்று மணிக்கு உடம்பு குப்பென்று சுட்டு, நைட்டி நனையும் அளவுக்கு வேர்த்திருக்கிறது. பிப்ரவரி 17 அன்று ஊசி குத்தியபோது தட்டல் உச்சத்தில் இருந்தது, பதில் இல்லை. எனவே 38.6, 18. அவ்வளவு பலமான தட்டலுக்கு அடுத்த சில நாளில் ஒரு குமிழ் எழுந்திருக்கிறது. மார்ச் முதல் வாரத்தில் முற்றி, முட்டையை வெளியேற்றியிருக்கும். அதற்குப் பத்துப் பதினோரு நாள் கழித்து மாதவிடாய். டிசம்பர் 12-லிருந்து மார்ச் 14 வரை எண்ணினால் 92 நாள்.

மூன்றாம் நாளில் எஸ்ட்ராடையால் 214 இருந்ததற்கும் விளக்கம் இருக்கிறது. இளம்பெண்ணுக்கு அந்த நாளில் குமிழ்கள் இப்போதுதான் கண் விழித்திருக்கும். ஆனால் இந்த வயதில் எஃப்.எஸ்.எச். கொஞ்சம் தூக்கலாகவே இருப்பதால், முந்தைய சுழற்சி முடிவதற்குள்ளேயே அடுத்த குமிழ் எழுந்து வளரத் தொடங்கிவிடுகிறது. மாதவிடாய் வருவதற்குள் அது பாதி வழி போயிருக்கும். ஒரு குமிழ் முற்றினால் சுமார் 200-லிருந்து 300 வரை எஸ்ட்ராடையாலைத் தரும். அக்காவிடம் மூன்றாவதாக ஒரு தாளும் இருந்தது, அதை அவள் பையிலேயே வைத்திருந்தாள். மார்ச் 18 அன்று எடுத்த ஸ்கேன். இடது சினைப்பையில் 19 மில்லிமீட்டர் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தது. "கட்டி" என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு நாலு ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறாள். அது கட்டி இல்லை, 214-ஐச் சுரந்துகொண்டிருந்த குமிழ். மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், தடுப்பு எதுவும் இல்லை என்று அதே தாளில் கீழே எழுதியிருந்ததைக் காட்டினேன். அந்த 214-ஐக் கேட்டதும் பிட்யூட்டரி கையை இறக்கிக்கொண்டது. எனவே 7.2.

அந்த 7.2-ஐ மட்டும் பார்த்துவிட்டு, சினைப்பை இளமையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதுவும் பிப்ரவரியில் சொன்னதைப் போலவே தவறுதான். எஸ்ட்ராடையால் 80-க்கு மேல் இருக்கும்போது எஃப்.எஸ்.எச். அடங்கித்தான் இருக்கும். அதனால்தான் இரண்டையும் ஒரே ரத்தத்தில் பார்க்க வேண்டும் என்கிறோம்.

அன்றைக்கு அவளிடம் இன்னொன்றும் கேட்டேன். "முடி கொட்டுதுன்னு மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா?" இல்லை என்றாள். கேட்டதற்குக் காரணம் உண்டு. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வைட்டமின் 10 மில்லிகிராம் வரை இருக்கும். உடம்புக்கு ஒரு நாள் தேவையோ சில பத்து மைக்ரோகிராம்தான். ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் எந்திரங்களில் பல, அந்த ஹார்மோனைப் பிடித்து நிறுத்தப் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் கொக்கி மாட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். எஃப்.எஸ்.எச். அளக்கும் முறையில் அதனால் எண் பொய்யாகக் குறையும். எஸ்ட்ராடையால் மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் அதை அளக்கும் முறை வேறு, அதில் எண் பொய்யாக ஏறும். எஃப்.எஸ்.எச். குறைவு, எஸ்ட்ராடையால் அதிகம். அக்காவின் மார்ச் தாளில் இருந்ததைப் போன்ற அதே தோற்றத்தை ஒரு முடி மாத்திரை உண்டாக்கிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்திவிட வேண்டும், எங்கள் கவுண்டரிலும் சொல்லிவிட வேண்டும். இதே போலக் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணின் எஃப்.எஸ்.எச்.சுக்கும் பொருள் கிடையாது. பிட்யூட்டரியை அந்த மாத்திரையே அடக்கி வைத்திருக்கும்.

அப்படியானால் எந்தப் பரிசோதனையை நம்புவது என்று அக்கா கேட்டாள். "உங்க வீட்டுக் காலண்டரை" என்றேன்.

அவள் நல்ல வேளையாகச் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போடும் பழக்கம் உள்ளவள். இரண்டு வருடக் காலண்டர்களையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எண்ணிப் பார்த்தோம். 28, 27, 35, 24, 38, 26, 51, அப்புறம் அந்த 92. 2011-ல் வாஷிங்டனில் பல நாட்டு நிபுணர்கள் கூடி, மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் படிகளாகப் பிரித்தார்கள். 'ஸ்ட்ரா பிளஸ் 10' என்று அந்த வரையறைக்குப் பெயர். ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அது பத்துச் சுழற்சிக்குள் மறுபடியும் நடந்தால் முதல் படி. 27-க்குப் பிறகு 35 வந்தது, அதற்குப் பிறகு 24 வந்தது. அக்கா அப்போதே முதல் படியில் ஏறிவிட்டாள், யாரும் கவனிக்கவில்லை. 60 நாளோ அதற்கு மேலோ வராமல் இருந்தால் இரண்டாம் படி. 92 நாள் இடைவெளியில் அதில் கால் வைத்தாள். இந்தப் படி பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வருடம் நீடிக்கும். முழுதாகப் பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ், அதையும் பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டாம் படியில் எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் போகும் என்றும் அந்த வரையறை சொல்கிறது. ஆனால் அது துணைச் சான்றுதான். முதலில் நிற்பது மாதவிடாய்க் கணக்கு.

இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் நேரடியாகவே சொல்லிவிட்டது: 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு, மாதவிடாய் மாறியதும் வேர்த்துக் கொட்டுவதும் தெளிவாக இருக்கும்போது, எஃப்.எஸ்.எச். பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. நாற்பதுக்குள் நின்றவர்களுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும், 40-லிருந்து 45 வரை உள்ளவர்களுக்குப் பார்க்கலாம். நம் நாட்டில் இயல்பாக நிற்கும் சராசரி வயது 46, 47 என்கிறார்கள். மேலை நாடுகளில் 51. எனவே 48 வயதில் சுழற்சி தாறுமாறாவதற்கு ரத்தம் எடுத்துக் காரணம் தேட வேண்டியதே இல்லை. கருப்பையை மட்டும் எடுத்துவிட்டு சினைப்பையை விட்டுவைத்தவர்கள் வேறு வகை. அவர்களுக்குக் காலண்டரில் வட்டம் போட எதுவும் இருக்காது, எனவே அங்கே இந்தப் பரிசோதனைக்கு வேலை உண்டு.

நான் அன்று அவளை இரண்டு விஷயத்துக்காகக் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். ஒன்று, சொல்லக் கூச்சமான விஷயம். பிப்ரவரி ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "இனி ஒன்றும் ஆகாது" என்று அத்தானும் அவளும் கருத்தடையை விட்டுவிட்டார்கள். அந்த 38.6-க்கு மூன்று வாரம்கூட ஆவதற்குள் அவள் உடம்பில் ஒரு முட்டை வெளியேறியிருக்கிறது. எஃப்.எஸ்.எச். உயர்ந்திருப்பதால் கரு தங்காது என்பதற்கு உறுதி கிடையாது. ஐம்பது வயதுக்குள் மாதவிடாய் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடம், ஐம்பதுக்குப் பிறகு நின்றால் ஒரு வருடம் தடுப்பு தேவை என்பதுதான் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. அன்று சாயங்காலமே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னேன். ஒரே கோடுதான் வந்தது.

இரண்டாவது, உதிரப்போக்கு. அந்த 19 மில்லிமீட்டர் குமிழ் அடுத்து என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. முட்டையை வெளியேற்றினால் அந்த வெற்றுக் குமிழ் புரொஜெஸ்டிரோனைச் சுரக்கும். எஸ்ட்ராடையால் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும், புரொஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்தும், அது விலகும்போது சுவர் ஒரே சீராகக் கழன்று வரும். முட்டை வெளியேறாவிட்டால் புரொஜெஸ்டிரோன் இல்லை. குமிழ் வாரக்கணக்கில் எஸ்ட்ராடையாலைச் சுரந்துகொண்டே இருக்கும், சுவர் தடித்துக்கொண்டே போகும், தன் பாரம் தாங்காமல் அங்கங்கே பிய்ந்து கொட்டும். "ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாத்தற மாதிரி இருந்தா, கட்டி கட்டியா போனா, எட்டு நாளுக்கு மேல நீடிச்சா, எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லி அனுப்பினேன்.

போன் மே முதல் வாரத்தில் வந்தது. ஏப்ரல் 26 அன்று தொடங்கி பத்தாவது நாளாகப் போய்க்கொண்டிருக்கிறது. "இந்த வயசுல இப்படித்தான் போகும், நின்னு போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கொட்டிட்டுத்தான் நிக்கும்" என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னதை நம்பிக் காத்திருந்திருக்கிறாள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6.

என் அனுபவத்தில் பெரிமெனோபாஸில் உண்மையிலேயே பெண்களைச் சாய்ப்பது இதுதான். எஃப்.எஸ்.எச். எத்தனை என்று ஆயிரம் ரூபாய் செலவழித்துப் பார்க்கிறவர்கள், மிகக் குறைந்த செலவில் பார்க்கக்கூடிய ஹீமோகுளோபினைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். தைராய்டும் இந்த வயதில் பார்க்க வேண்டிய ஒன்று. தைராய்டு மந்தமானாலும் மாதவிடாய் தாறுமாறாகும், உதிரப்போக்கு கூடும், அதை மெனோபாஸ் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அக்காவுக்கு டி.எஸ்.எச். இயல்பாகத்தான் இருந்தது.

மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் பார்த்தார். உட்சுவரின் தடிமன் 16 மில்லிமீட்டர். மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்ணுக்கு உதிரம் வந்தால் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே பயாப்ஸி எடுப்பார்கள். இன்னும் நிற்காத பெண்ணுக்கு அந்தத் தடிமன் நாளுக்கு நாள் மாறும் என்பதால் அப்படி ஒரே எண்ணை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் 45 வயதுக்கு மேல் இப்படி உதிரம் போனால், தடிமன் எதுவாக இருந்தாலும், உட்சுவரில் ஒரு துளி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கருப்பைப் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்தால் அது வெளியே காட்டுவதும் இதே உதிரப்போக்கைத்தான். "வயசுக் கோளாறு" என்று விட்டுவிட்டு வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்தவர்களின் திசுக்கள் எங்கள் பக்கத்து அறையில் நுண்ணோக்கியின் கீழ் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. வெளிநோயாளிப் பிரிவிலேயே, பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபிலைப் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு நிமிடம் வயிற்றைப் பிசைந்தது போல வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன் என்றாள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. உட்சுவர் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது, ஆனால் செல்களில் திரிபு இல்லை. இப்படித் திரிபில்லாத மிகைவளர்ச்சி இருபது வருடத்தில் புற்றாக மாறுவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான், அதுவும் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் திரும்பி இயல்புக்கு வந்துவிடும். மார்ச்சில் 214 என்று பார்த்த அந்த எஸ்ட்ராடையாலின் தடம்தான் கண்ணாடிச் சில்லில் இருந்தது. எதிர்க்க ஆளில்லாமல் ஆறு வாரம் வேலை செய்திருக்கிறது.

வைத்தியம், குறைந்திருப்பதைக் கொடுப்பதுதான். குறைந்திருப்பது புரொஜெஸ்டிரோன். மாத்திரையாகவும் கொடுக்கலாம். அக்காவின் மருத்துவர் கருப்பைக்குள் வைக்கும் 'டி' வடிவச் சாதனத்தைப் பரிந்துரைத்தார். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற, புரொஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் மருந்தை ஒரு நாளுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் அங்கேயே கசியவிடும். உட்சுவர் மெலியும், உதிரம் குறையும், கருத்தடைக்குக் கருத்தடையும் ஆயிற்று. "கருப்பையையே எடுத்துடலாமேன்னு எல்லாரும் சொல்றாங்களே" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மருத்துவரே, "திரிபு இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்ம்மா. இப்ப தேவையில்ல" என்றார். கூடவே இரும்புச் சத்து மாத்திரை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு பயாப்ஸி. அந்த இரண்டாவது பயாப்ஸியில் மிகைவளர்ச்சி இல்லை. ஹீமோகுளோபின் 12.1-க்கு ஏறியிருந்தது.

சாதனம் வைத்த நாலாவது மாதத்திலிருந்து அக்காவுக்கு மாதவிடாய் ஏறக்குறைய வருவதே இல்லை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை அவளே கண்டுபிடித்துக் கேட்டாள். உதிரம் வராததற்குக் காரணம் சாதனமா, சினைப்பையே ஓய்ந்துவிட்டதா என்று காலண்டரால் இனிமேல் சொல்ல முடியாது. பன்னிரண்டு மாதக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

அந்தச் சாதனம் கருப்பைக்குள்தான் வேலை செய்கிறது. பிட்யூட்டரியின் தட்டலை அது பெரிதாக மாற்றுவதில்லை. எனவே ஐம்பது வயது முடிந்த பிறகு ஒருமுறை எஃப்.எஸ்.எச். எடுத்துப் பார்ப்பார்கள். 30-க்கு மேல் இருந்தால் இன்னும் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுக் கருத்தடையை நிறுத்திக்கொள்ளலாம். 48-ல் அவளை அழ வைத்த அதே பரிசோதனைக்கு அப்போதுதான் வேலை வரும். அதுவரை பென்சில் வட்டங்களுக்குப் பதிலாக, ராத்திரி வேர்த்துக் கொட்டும் நாட்களை மட்டும் காலண்டரில் குறித்துக்கொண்டு வருகிறாள்.